அலுவலக இணைப்பில் ஸ்க்ரேப்பிங்கை ஏன் நிறுத்துகிறோம்: ஒரு டெவலப்பருக்கு நிர்வாகியின் பதில்

கேள்வி: உதிரிபாகங்கள் வழங்கும் ஒரு நிறுவனத்தின் தளத்திலிருந்து 12,000 பொருட்களின் விலையைத் தானாகத் திரட்ட, அதாவது ஸ்க்ரேப்பிங் செய்ய, ஸ்கிரிப்ட் எழுதினேன். அலுவலக நெட்வொர்க்கில் ஓடவிட்ட சில நிமிடங்களில் துண்டித்துவிட்டீர்கள். எல்லோரும் பார்க்கக்கூடிய பக்கங்கள்தானே? அவர்களுடைய விற்பனைப் பிரிவினரே "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அனுமதிக்காகக் காத்திருக்க நேரமில்லை; நம் முகவரிக்குப் பதிலாக வேறு முகவரிகள் வழியாகப் பக்கங்களை எடுத்துத் தரும் ப்ராக்ஸி சேவையை வெளியே ஒருவர் விற்கிறார்; அதை வாங்கிக்கொள்ளலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

ப்ராக்ஸி வேண்டாம். ஏன் என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன், துண்டித்ததன் காரணத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால் ப்ராக்ஸியின் தேவையே எழாது.

பக்கங்கள் எல்லோருக்கும் திறந்திருப்பவைதான். அதில் எனக்கு மறுப்பில்லை. சிக்கல் எழுவது, அவற்றைக் கேட்பது யார் என்று அந்தத் தளத்தின் சர்வர் முடிவு செய்யும் இடத்தில். நம் அலுவலகத்தில் எத்தனை கணினிகள் இருந்தாலும், அவை அனைத்தும் ஃபயர்வாலைத் தாண்டி வெளியே போகும்போது ஒரே ஒரு பொது ஐபி முகவரியைத்தான் அணிந்துகொள்கின்றன. ஓர் அலுவலகத்திலிருந்து யார் பேசினாலும் மறுமுனையில் ஒரே தொலைபேசி எண் தெரிவதைப் போன்றது இது. ஸ்கிரிப்ட் ஓடுவது உங்கள் கணினியில் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சர்வருக்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு நம் நிறுவனம் முழுவதும் ஒரே ஆள்.

அந்த ஒரே ஆள் என்ன செய்தார் என்று கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் ஒரே நேரத்தில் 20 இணைப்புகளைத் திறந்திருந்தது. ஒரு பக்கம் வந்துசேர அரை விநாடி ஆகிறது என்றால், விநாடிக்கு 40 பக்கங்கள், நிமிடத்துக்கு 2,400 பக்கங்கள். ஒரு மனிதர் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு இரண்டு பக்கங்களைத் திறப்பார். ஆக, 1,200 பேர் ஒரே முகவரியிலிருந்து ஒரே நேரத்தில் படிப்பதற்குச் சமம் அது. எந்தத் தளத்தின் பாதுகாப்பு அமைப்பும் இதைத் தாக்குதல் என்று கருதுவதில் வியப்பில்லை.

அப்படிக் கருதியதும் அது முதலில் 429 என்ற பதிலை அனுப்பும். அளவுக்கு மேல் கேட்கிறீர்கள், பொறுங்கள் என்று பொருள். அதையும் மீறினால் 403 வரும், அதாவது நுழைவு மறுப்பு. இந்த மறுப்பு விழுவது முகவரியின் மேல் என்பதால், அதே தளத்தில் தினமும் ஆர்டர் போடும் கொள்முதல் பிரிவினரும் உள்ளே போக முடியாமல் நிற்பார்கள். காரணம் அவர்களுக்கு விளங்காது. அந்தத் தளம், க்ளவுட்ஃபிளேர் போல ஏராளமான தளங்களைக் காக்கும் ஒரு சேவையின் பின்னால் இருந்தால் பாதிப்பு அங்கேயே நிற்க வேண்டும் என்பதில்லை. நம் முகவரிக்குக் கெட்ட பெயர் சேர்ந்துவிட்டால், தொடர்பே இல்லாத வேறு தளங்களும் "நீங்கள் மனிதர்தானா" என்று நம் ஊழியர்களிடம் கேட்கத் தொடங்கலாம். அதைச் சரிசெய்ய நான் ஒரு பொத்தானை அழுத்தினால் போதாது. அந்தத் தளத்தாருக்கும் இணைய இணைப்புத் தருபவருக்கும் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உங்கள் ஸ்கிரிப்டை நான் துண்டித்தது 429 பதில்கள் வரத் தொடங்கிய நிலையில். 403 வருவதற்கு முன்னால்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில தளங்கள் மறுப்பதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. 200 என்று, எல்லாம் சரி என்ற பதிலையே அனுப்பி, உள்ளே விலைக்குப் பதிலாகச் சரிபார்ப்புப் பக்கத்தை வைத்துவிடும். ஸ்கிரிப்ட் அதையும் விலைப் பக்கம் என்று எண்ணிச் சேமித்துக்கொண்டே போகும். சேமித்த கோப்புகளைப் பாருங்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு எல்லாமே ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் அதற்குப் பிந்தைய தரவு எதற்கும் உதவாது.

இப்போது ப்ராக்ஸிக்கு வருகிறேன். இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களிடம் பேசிய விற்பனையாளர், தம் சேவையில் தடை என்பதே வராது, முகவரிகள் எல்லாம் உண்மையான வீட்டு இணைப்புகள் என்று சொல்லியிருப்பார். அந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் யார், அவர்கள் சம்மதித்தார்களா என்று அவரிடம் கேளுங்கள். தெளிவான பதில் வராது. இலவசச் செயலி ஒன்றை நிறுவிய யாரோ ஒருவருடைய கணினி, அவருக்கே தெரியாமல் மற்றவர்களின் போக்குவரத்தைச் சுமந்துகொண்டிருக்கக்கூடும். 911 S5 என்ற பெயரில் இயங்கிய சேவை இப்படித்தான் நடந்தது. இலவச விபிஎன் மென்பொருள்களுடன் ஒட்டி வந்த தீநிரல் வழியாகக் கணினிகளைப் பிடித்து, அவற்றின் முகவரிகளை வாடகைக்கு விட்டார்கள். 2024 மே மாதம் அமெரிக்க அரசின் நீதித்துறை அந்த வலையமைப்பைக் கலைத்ததாக அறிவித்தபோது, அதில் சிக்கியிருந்த ஐபி முகவரிகள் 1.9 கோடிக்கும் மேல். அத்தகைய முகவரிகளுக்கு நம் நிறுவனம் பணம் கொடுத்தால், நாம் வாங்குவது திருடிய பொருளை.

பணம் போவது ஒரு பக்கம். இத்தகைய விற்பனையாளர்களில் சிலர், "இந்தச் சிறிய புரோகிராமை நிறுவிக்கொள்ளுங்கள்" என்பார்கள், அல்லது "இந்தச் சான்றிதழை உங்கள் கணினியில் நம்பகமானதாகச் சேர்த்துவிடுங்கள்" என்பார்கள். அந்தப் புரோகிராம் அலுவலக மடிக்கணினியையே பிறருக்கான வெளியேறும் வழியாக மாற்றிவிடக்கூடும். முன்பின் அறியாத ஒருவர் எங்கோ செய்யும் குற்றத்துக்கு நம் முகவரி பதில் சொல்ல வேண்டிவரும். சான்றிதழ் அதைவிட மோசமானது. அதைச் சேர்த்தபின் அவர்களுடைய ப்ராக்ஸி வழியாகப் போகும் மறையாக்கப்பட்ட பக்கங்களையும், அவற்றில் தட்டச்சு செய்யும் கடவுச்சொற்களையும் அவர்களால் பிரித்துப் படிக்க முடியும். இலவச ப்ராக்ஸி பட்டியல்களையும் தொடாதீர்கள். சர்வர் நடத்த யாரோ செலவு செய்கிறார்கள், அந்தச் செலவை அவர் எதிலிருந்து மீட்கிறார் என்று யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

அனுமதி வாங்க நேரமில்லை என்கிறீர்கள். இந்த ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. நம் கோரிக்கைப் படிவத்தில் "வணிகத் தேவை" என்று அரைப் பக்கம் எழுதச் சொல்கிறார்கள். எந்தத் தளம், எத்தனை பக்கங்கள், எந்த வேகம் என்று எனக்குத் தேவைப்படும் மூன்று விவரங்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. மூன்று மேசைகளில் கையெழுத்தாகி என்னிடம் வரும்போது, அந்த மூன்றையும் நானே திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட படிவம்தான் ஆட்களை ப்ராக்ஸி விற்பவர்களிடம் தள்ளுகிறது. அதை மாற்றச் சொல்லிப் பலமுறை எழுதியிருக்கிறேன், மீண்டும் எழுதுவேன். அதுவரை இந்த விவரங்களை மின்னஞ்சலில் நேராக எனக்கு அனுப்பிவிடுங்கள்.

விற்பனைப் பிரிவினர் சொன்னது அனுமதியாகாதா என்று கேட்பீர்கள். தளத்தை நடத்துபவர் சம்மதித்தால் எங்கள் தடையில் விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் விற்பனைப் பிரிவில் ஒருவர் தொலைபேசியில் சொன்னது, அவர்களுடைய சர்வரைப் பார்த்துக்கொள்ளும் குழுவின் காதுக்குப் போயிருக்காது. பாதுகாப்பு அமைப்பு தானாக இயங்குவது. ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்ன சம்மதம் அதற்குத் தெரிய வழியில்லை. எனவே அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். அதைத் தளத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் தந்திருக்க வேண்டும், அல்லது அவருக்கு அதன் நகல் போயிருக்க வேண்டும். எந்த ஐபி முகவரியிலிருந்து வருவோம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, விநாடிக்கு எத்தனை பக்கங்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். அந்த முகவரியை அவர்கள் தங்கள் பக்கத்தில் அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டதாக உறுதி செய்ய வேண்டும். உள்நுழைந்து பார்க்கும் பக்கங்களும் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேளுங்கள். அங்கே நிறுவனத்தின் கணக்கில் பயன்பாட்டு விதிகளை ஏற்றுக்கொண்டிருக்கிறோம், தானியங்கிக்கு அதில் தடை இருந்தால் அவர்கள் கணக்கையே மூடலாம். ஓர் அனுமதி ஒரு வேலைக்குத்தான். அடுத்த மாதம் வேறு பிரிவினர் அதே கடிதத்தைக் காட்டி வந்தால் நான் ஏற்க மாட்டேன்.

அந்தக் கடிதத்தைக் கேட்கும்போதே, விலைப் பட்டியலை ஒரு கோப்பாகவோ ஏபிஐ வழியாகவோ தர முடியுமா என்றும் கேளுங்கள். 12,000 வரிகள் கொண்ட கோப்பை அனுப்புவது, அத்தனை பக்கங்களை நாம் திறப்பதைவிட அவர்களுக்கும் எளிது.

கோப்பு கிடைக்காவிட்டால், வேலையை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிடுவோம். தனிப் பொது முகவரி கொண்ட ஒரு சிறிய கிளவுட் கணினியை நிறுவனத்தின் கணக்கில் நான் அமைத்துத் தருகிறேன். அங்கே தவறு நேர்ந்தால் அந்த முகவரி மட்டும் பாதிக்கப்படும்; கொள்முதல் பிரிவின் வேலை நிற்காது. கிளவுட் முகவரிகளைச் சில தளங்கள் தொடக்கத்திலேயே சந்தேகத்துடன் பார்க்கும் என்பதால், அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியதும் இந்த முகவரியைத்தான்.

தொடங்குமுன், தானியங்கிகள் எங்கே போகக்கூடாது என்று அந்தத் தளம் சொல்லும் `robots.txt` கோப்பைப் படித்து, அதில் விலக்கியிருக்கும் பாதைகளை விட்டுவிடுங்கள். பிறகு ஒரே இணைப்பில், வரிசையாக, ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் மூன்று விநாடி விட்டு எடுங்கள். காத்திருக்கும் நேரம் மட்டும் 36,000 விநாடிகள், அதாவது 10 மணி நேரம். பக்கம் வந்துசேரும் நேரத்தையும் கூட்டினால் 12 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மாலையில் தொடங்கினால் மறுநாள் காலையில் முடிந்திருக்கும். ஸ்கிரிப்டின் மையப் பகுதி இவ்வளவுதான்:

```python
import time, requests

s = requests.Session()
s.headers["User-Agent"] = "price-check (data-team@example.com)"

for url in urls:
    r = s.get(url, timeout=30)
    if r.status_code in (403, 429):
        print(url, r.status_code, r.headers.get("Retry-After"))
        break
    save(url, r.text)
    time.sleep(3)
```

`User-Agent` வரியில் நம் குழுவின் உண்மையான மின்னஞ்சல் முகவரியைப் போடுங்கள். பிரவுசர் என்று பொய் சொல்லாதீர்கள். தொந்தரவாக இருந்தால் தடுப்பதற்கு முன் நமக்கு எழுத அவர்களுக்கு ஒரு வழி வேண்டும். 403 அல்லது 429 வந்ததும் ஸ்கிரிப்ட் நின்றுவிடுவதை மாற்ற வேண்டாம். `Retry-After` என்பதில் பெரும்பாலும் எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்ற எண் இருக்கும், சில நேரம் தேதியும் நேரமும் இருக்கும். 429 என்றால் அதுவரை பொறுத்து, இடைவெளியை இரட்டிப்பாக்கி, நின்ற இடத்திலிருந்து தொடருங்கள். 403 என்றால் தொடராமல் என்னிடம் வாருங்கள்.

முதலில் 50 பக்கங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் விலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முழு வேலையைத் தொடங்குங்கள். தளத்தின் பெயர், பக்கங்களின் எண்ணிக்கை, வேகம் ஆகிய மூன்றும் என் கைக்கு வந்ததும் கிளவுட் கணினியின் முகவரியை உங்களுக்கு அனுப்புகிறேன். அனுமதிக் கடிதத்தில் எழுத அதுவே தேவை.

இப்படிக்கு,
தகவல் தொழில்நுட்ப நிர்வாகி