செம்மண் பாதையில் யானை: அளவு, கால், தூசி

“செம்மண் பாதையில் எடுத்த போட்டோவில் ஒரு யானையை ஃபோட்டோஷாப்பில் சேர்த்தேன். அளவை எவ்வளவு மாற்றினாலும் பொம்மை மாதிரியே இருக்கிறது. கால் மிதக்கிறது. தூசி போட்டால் புகை மாதிரி ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?”

அளவைக் கண் மதிப்பில் வைக்காதீர்கள். பாதையை எடுத்தபோது கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று தெரிந்தால் போதும். சமதரையில் அந்த உயரத்துக்கு இருக்கும் எதுவும், கிட்டத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும், அடிவானக் கோட்டைத்தான் தொடும்.

நின்றபடி எடுத்திருந்தால் கேமரா உயரம் சுமார் 1.5 மீட்டர். யானை கால் வைக்கப்போகும் இடத்திலிருந்து நேர்மேலே அடிவானம் வரை அளந்து பாருங்கள். 400 பிக்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அங்கே 1.5 மீட்டருக்கு 400 பிக்சல். தோள் வரை 2.7 மீட்டர் இருக்கும் ஆண் யானைக்கு 720 பிக்சல் வேண்டும். யானையைப் பின்னால் தள்ளினால் மறுபடி அளக்க வேண்டும். மரங்கள் அடிவானத்தை மறைத்தால், நேரான பாதையின் இரண்டு ஓரங்களையும் கோடாக நீட்டுங்கள். அவை சேரும் இடம்தான் அது.

அளவு சரியாக வந்தும் பொம்மையாகவே தெரிந்தால் யானைப் படத்தைப் பாருங்கள். முதுகின் மேற்பரப்பு தெரிகிறதா? அது மாடியிலிருந்தோ மேட்டிலிருந்தோ எடுத்தது. பெரிதாக்கியோ சிறிதாக்கியோ அதைச் சரிசெய்ய முடியாது, வேறு படம்தான் தேட வேண்டும்.

அப்புறம் கால். பாரம் ஏறும்போது யானையின் பாதம் விரியும், தூக்கும்போது சுருங்கும். அதனால் ஊன்றிய காலின் அடியில் வெளிச்சம் புகவே இடம் இருக்காது. பாதத்தை ஒட்டி மெல்லிய, ஏறக்குறைய கறுப்பான நிழலை Multiply லேயரில் வரையுங்கள். வெயிலில் விழும் நீண்ட நிழல் வேறு, அதைத் தனி லேயரில் வையுங்கள். பலர் அந்த ஒன்றை மட்டும் போடுவதால்தான் கால் மிதக்கிறது. புழுதி மண்ணில் நகங்களின் அடிப்பகுதி புதைந்திருக்கும். 3 சென்டிமீட்டர் என்றால் மேலே சொன்ன அளவில் 8 பிக்சல். அவ்வளவு உயரத்துக்குப் பாத விளிம்பைச் சொரசொரப்பான பிரஷ்ஷால் மறையுங்கள். வயிற்றின் அடியில் செம்மண் நிறம் லேசாக ஏறட்டும், வெயிலில் தரையின் நிறம் அங்கே பட்டுத் தெறிக்கும்.

தூசி புகையாவதற்குப் பெரும்பாலும் Screen முறைதான் காரணம். அது வெளுக்க மட்டுமே செய்யும். Normal லேயரில், பாதையிலிருந்தே எடுத்த மண் நிறத்தைப் பூசுங்கள். கால்களுக்குப் பின்னால் ஒரு அடுக்கு, முன்னால் ஒரு அடுக்கு. முன்னடுக்கு பாத நிழலின் கறுப்பையும் கொஞ்சம் மங்க வைக்க வேண்டும். நடக்கிற யானை மெதுவாகத்தான் காலை ஊன்றும், கணுக்காலளவு தூசியே அதிகம். முழங்காலுக்கு மேலே எழும் புழுதி ஓடுகிற குதிரைக்குத்தான் பொருந்தும். தூசித் திரள்களையும் பாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த யானையின் பாதம் சுமார் 115 பிக்சல் அகலம் இருக்கும். திரள்கள் அதைவிடப் பெரிய உருண்டைகளாக இருந்தால், சரியாக அளந்து வைத்த யானையும் கையடக்கப் பொம்மையாகச் சுருங்கிவிடும்.