செக்கனை விடுங்கள், குமிழைப் பாருங்கள்

கேள்வி: வடிதாளில தூளைப் போட்டுச் சுடுதண்ணி ஊத்துற போர்-ஓவர் கோப்பி போடேக்க, முதல் ஊத்துற தண்ணிக்குத் தூள் பொங்கி வருது. அந்தக் காற்று என்ன? எத்தனை செக்கன் பொறுக்க வேணும்?

அது காபனீரொட்சைட்டு. கொட்டையை வறுக்கும்போது உள்ளே உண்டாகி, அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். பிறகு நாட்கணக்காகக் கசியும். அரைத்தவுடன் கணிசமான பகுதி பறந்துவிடும், மிச்சத்தைச் சுடுதண்ணி வெளியே தள்ளும். அதைத்தான் ப்ளூம் என்கிறார்கள். அது பொங்குவதால் கோப்பி நல்லது என்று அர்த்தமில்லை, வறுத்து அதிக நாளாகவில்லை என்றுதான் அர்த்தம். மட்டமான கொட்டையும் புதிதாக இருந்தால் பொங்கும்.

பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காற்று வெளியே வரும்வரை தண்ணி சரியாக உள்ளே போக முடியாது. அவசரப்பட்டு ஊற்றினால் தண்ணி லேசான வழியைத் தேடி ஓடிவிடும், தூளின் ஒரு பகுதி சரியாக ஊறாது.

போன மாசம் கொழும்பிலிருந்து வந்த சிநேகிதன் வறுத்து 2 நாளான கொட்டை கொண்டுவந்தான். 15 கிராம் அரைத்து, 45 கிராம் தண்ணி ஊற்றி, வழக்கம்போல 30 செக்கனில் மிச்சத் தண்ணியையும் ஊற்றிவிட்டேன். நடுவில் குமிழ் இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது, நான்தான் பொருட்படுத்தவில்லை. கோப்பி புளிப்பாக, தண்ணியாக வந்தது. வடிதாளில் மிஞ்சிய சக்கையைக் கரண்டியால் கிண்டிப் பார்த்தால், அடியில் சுண்டங்காய் அளவில் ஒரு கட்டி, உள்ளே உலர்ந்த தூள்! உங்களுக்கும் புளித்தால் முதலில் சக்கையைக் கிண்டிப் பாருங்கள்.

அடுத்த நாள் அதே அளவு. தண்ணி ஊற்றியதும் கரண்டிக் காம்பால் அடிவரை மெதுவாக ஒரு கிளறு கிளறினேன். மேலே பெரிய குமிழ்கள் வந்து, பிறகு சின்னதாகி, 50ஆவது செக்கன் போல அடங்கின. குவிந்திருந்த மேற்பரப்பு தாழத் தொடங்கி, ஈர மினுக்கம் மங்கியது. அப்போதுதான் அடுத்த தண்ணி. புளிப்பு போய் இனிப்புத் தெரிந்தது.

ஆக, என் கணக்கு இதுதான்: தூளின் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணி, 30 முதல் 45 செக்கன். வறுத்து ஒரு கிழமை ஆகாத கொட்டைக்கு ஒரு நிமிடம்வரை போகலாம். அதற்கு மேல் காத்திருந்தால் தூள் ஆறிப்போவதுதான் மிச்சம். யாழ்ப்பாணத்து வெக்கையில் வெளியே வைத்த கொட்டை காற்றைச் சீக்கிரம் விட்டுவிடும், அதனால் பையில் உள்ள திகதியை மட்டும் நம்பாதீர்கள்.

கடையில் வாங்கிய அரைத்த தூள் என்றால் பொங்காது, காற்று எப்போதோ போய்விட்டது. 20 செக்கன், எல்லாம் நனைந்தால் சரி. அம்மா வறுத்து இடிக்கும் மல்லிக்கோப்பிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அது கேத்திலில் கொதிக்கிறது.