பாலத்துக்கு லாப நட்டக் கணக்கு: டிஸ்கவுண்ட் ரேட் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

அரசு ப்ராஜெக்ட்களுக்கு இந்த மதிப்பீடு போடுறதுதான் ரொம்ப வருஷமா என் வேலை. எல்லா கேள்விக்கும் ஒரே பாலத்த வச்சே பதில் சொல்றேன், அப்பதான் தொடர்ச்சியா புரியும். செலவு 100 கோடி, எல்லாம் ஆரம்பத்துலயே போயிடுதுன்னு வச்சுக்குவோம். திறந்தப்புறம் 30 வருஷம் பலன்.

கேள்வி: வருஷத்துக்கு இவ்ளோ பலன்னு எங்கேர்ந்து வருது? சும்மா ஒரு நம்பர் போட்டுடறாங்களோ?

போடுறவங்களும் இருக்காங்க, ஆனா முறையா செஞ்சா போக்குவரத்து எண்ணிக்கையிலேர்ந்துதான் வரணும். இப்ப சுத்திப்போற வழியில தினம் 8,000 வண்டி போகுது, பாலம் வந்தா ஒரு பயணத்துக்கு நேரம், எரிபொருள் எல்லாம் சேத்து 30 ரூபா மிச்சம். சுத்திப்போக முடியாததால இதுவரைக்கும் போகாமலே இருந்த 2,000 பயணம் புதுசா வரும். இங்கதான் நெறைய ரிப்போர்ட் வழுக்குது, புது ஆளுக்கும் முழு 30 போட்டுடறாங்க. அந்த ஆளுக்கு பயணம் அவ்ளோ முக்கியமா இருந்திருந்தா பழைய வழியிலயே போயிருப்பாரே? அதனால சராசரியா பாதி, அதாவது 15 தான் எண்ணணும். அப்படி பாத்தா ஒரு நாளைக்கு 2.7 லட்சம், வருஷத்துக்கு 9.85 கோடி, பராமரிப்பு 0.85 கழிச்சா கையில நிக்கிறது 9 கோடி.

கேள்வி: 9 கோடி, 30 வருஷம், 270 கோடி. செலவு 100. இதுக்கு மேல என்ன யோசனை?

இருபத்தஞ்சாவது வருஷம் வர்ற 9 கோடிக்கும் அடுத்த வருஷம் வர்ற 9 கோடிக்கும் ஒரே விலை குடுக்கிறீங்க, அதான் பிரச்சனை. இந்த 100 கோடிய வேற ஒரு நல்ல வேலையில போட்டிருந்தா அதுவும் வளர்ந்திருக்கும்ல. அதனால பின்னாடி வர்ற பணத்த வருஷத்துக்கு இவ்ளோ சதவீதம்னு குறைச்சு இன்னிக்கு மதிப்புக்குக் கொண்டுவரணும், அந்த சதவீதம்தான் டிஸ்கவுண்ட் ரேட். இப்போதைக்கு 8%னு வச்சுக்குவோம், எக்செல்ல ஒரு வரி போதும்:

```
=PV(8%,30,-9)
```

101.3 வரும். 270 எங்க, 101 எங்க பாருங்க. செலவு போக மிச்சம் 1.3 கோடி, அவ்ளோதான். இப்ப அந்த 8% மட்டும் மாத்திப் பாருங்க. 4% போட்டா 155.6, அதாவது 55 கோடிக்கு மேல லாபம், 12% போட்டா 72.5, அதாவது 27 கோடி நட்டம். பாலம் அதேதான், வண்டியும் அதே எண்ணிக்கைதான். லாபமும் நட்டமும் சமமாகிற இடம் 8.1% பக்கத்துல இருக்கு. நான் ரிப்போர்ட் படிச்சா முதல்ல தேடுறது அந்த நம்பரத்தான், ஏன்னா அவங்க எடுத்துக்கிட்ட ரேட் அதுக்கு எவ்ளோ கிட்ட இருக்குன்னு தெரிஞ்சா முடிவு எவ்ளோ லேசா ஆடும்னு தெரிஞ்சுடும்.

ரேட் மாறினா முடிவு எவ்ளோ மாறும்னு பாக்கிறத சென்சிடிவிட்டின்னு சொல்லுவாங்க, அதுக்கு 8%, 8.5%, 9%னு பக்கத்து பக்கத்துல மூணு நம்பர் போட்டு முடிக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்காது. நியாயமா வாதாடக்கூடிய எல்லை முழுக்க போய் பாக்கணும்.

கேள்வி: ப்ராஜெக்ட்டுக்கு லோன் 9%ல வாங்குறாங்கன்னா டிஸ்கவுண்ட் ரேட்டும் 9% தானே? என் வீட்டு லோனுக்கு நான் அப்படித்தான் கணக்கு பாத்தேன்.

உங்க வீட்டுக்கு அது சரி, ஏன்னா அங்க உங்க பாக்கெட் மட்டும்தான் கணக்கு. இங்க கேள்வி சமூகத்துக்கு மொத்தமா லாபமா இல்லையாங்கறது, லோன் எந்த வட்டிக்கு கெடச்சதுங்கறது வேற விஷயம். சலுகை வட்டியில கடன் கெடச்சா மோசமான பாலம் நல்ல பாலமா மாறிடாது. இன்னொண்ணு, அந்த 9%க்குள்ள விலைவாசி ஏத்தமும் சேந்திருக்கு, நம்ம 9 கோடி பலன்ல அது சேரல.

கேள்வி: அதான் சார், விலைவாசி ஏறும்போது பலனோட மதிப்பும் ஏறுமே. வருஷம் 5% கூட்டிக்கிட்டே போகணும், அத விட்டுட்டீங்க.

பாதி சரி. கூட்டலாம், ஆனா அப்ப ரேட்லயும் அதே 5% ஏறணும், 1.08 × 1.05, அதாவது 13.4%. ரெண்டு பக்கமும் ஏத்தினா பழைய 101.3 தான் திரும்ப வரும். பலன மட்டும் ஏத்திட்டு ரேட்ட 8%லயே விட்டா கிட்டத்தட்ட 180 கோடி காட்டும். வெளிய 8%னு எழுதியிருக்கும், உள்ள ஓடுறது 3%க்கும் கம்மி. கண்டுபிடிக்கிறதும் சுலபம், பலன் பத்தியில வண்டி எண்ணிக்கை ஏறாமலே தொகை மட்டும் ஏறிக்கிட்டே போகுதான்னு பாருங்க.

கேள்வி: டோல் வசூல சேக்கவே இல்லையே?

வேணும்னுதான் விட்டேன். வண்டிக்காரர் கையிலேர்ந்து அரசு கைக்குப் போற பணம் அது, மொத்தத்துல புதுசா ஒண்ணும் உருவாகல. ஆனா டோல் வச்சா அந்த 2,000 பேர்ல கொஞ்சம் பேர் வராம போவாங்க, அந்த இழப்ப மட்டும் கணக்குல எடுக்கணும்.

கேள்வி: நான் பாத்த ஒரு பாலம் சொன்ன தேதிக்கு அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சுதான் திறந்தாங்க. ரிப்போர்ட்ல அது எங்கயாவது தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது, எனக்கு உண்மையிலயே ஆதங்கம் இதுலதான். பணம் போயாச்சு, பாலம் ரெண்டு வருஷம் சும்மா நிக்குதுன்னு வைங்க. 101.3ஐ 1.08ஆல ரெண்டு தடவை வகுங்க, 86.9. லாபம் 1.3 இருந்தது 13 கோடி நட்டமாயிடுச்சு, பின்னாடி முழு 30 வருஷம் ஓடினாலும். இதே தாமதம் 4%ல வந்தா 143.9, அப்பவும் நல்ல லாபம்தான். ரேட்டயும் தாமதத்தயும் தனித்தனியா சோதிச்சா இந்த சேர்க்கை கண்ணுல படாது, ரெண்டயும் சேத்து ஒரு கட்டம் போடணும்.

கேள்வி: பாலத்துக்கு பதிலா இருக்கிற ரோட்டையே சரி பண்ணா? 30 கோடி, வருஷம் 5 கோடி பலன், 10 வருஷம் தாங்கும்னு வைங்க.

நல்ல கேள்வி, இதத்தான் முதல்லயே கேட்டிருக்கணும். செலவு போக மிச்சத்த பாத்தா, 4%ல ரோடு 10.6, பாலம் 55.6, பாலம்தான். 8%ல ரோடு 3.6, பாலம் 1.3, ரோடு முந்திடுது. பலன் தூரத்துல இருக்கிற திட்டத்த உயர்ந்த ரேட் எப்பவும் அதிகமா அடிக்கும்.

(இன்னொருத்தர்): 10 வருஷத்தயும் 30 வருஷத்தயும் நேரா ஒப்பிடக்கூடாதே. ரோட்ட மூணு தடவை போடணும்.

கரெக்ட், நான் அவசரத்துல விட்டுட்டேன், நன்றி. மூணு தடவை போட்டா ரோடு 4%ல 22.5, 8%ல கிட்டத்தட்ட 6. ரெண்டும் இடம் மாறுறது 7க்கும் 7.5க்கும் நடுவுல. ஆக இந்த கேஸ்ல சண்டையே அந்த அரை சதவீதத்துக்குள்ளதான்.

கேள்வி: சரி, கடைசியா எந்த ரேட் தான் சரி?

இதுல நிபுணர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. பிரிட்டன்ல அரசு திட்ட மதிப்பீட்டுக்கான வழிகாட்டியான கிரீன் புக் முதல் 30 வருஷத்துக்கு 3.5% போட்டு அப்புறம் குறைக்குது. ஆசிய வளர்ச்சி வங்கி ரொம்ப காலம் 12% கேட்டுட்டு 2017ல 9%க்கு இறக்கிச்சு. நம்ம பாலம் பிரிட்டன்ல பாஸ், வங்கிகிட்ட ரெண்டு ரேட்லயும் ஃபெயில்.

கேள்வி: அப்ப விருப்பப்பட்ட ரேட்ட எடுத்து விருப்பப்பட்ட முடிவ சொல்லலாம்னு ஆகுதே.

அதனாலதான் ரேட்ட ப்ராஜெக்ட் போடுற ஆளே தேர்ந்தெடுக்க விடக்கூடாதுன்னு நான் நினைக்கிறேன், வெளியிலேர்ந்து ஒருத்தர் முன்கூட்டியே அறிவிச்சிருக்கணும். ஆனா அப்படி அறிவிக்கிற அந்த ஒரு நம்பர் 5ஆ 9ஆங்கறதுக்கு என்கிட்டயும் முழுசா திருப்தியான பதில் இல்ல. பின்னாடி வர்ற தலைமுறையோட நேரத்துக்கு நாம என்ன மதிப்பு குடுக்கணும்ங்கறது அதுக்குள்ள இருக்கு, எக்செல் ஷீட்ல அதுக்கு கட்டம் கிடையாது.