மூக்குக்குத் தெரியாத புகை

ஐயா, குன்னூரில் கேஸ் கீசர் சர்வீஸ் செய்கிறேன். ஒரு ஹோம்ஸ்டேயில் பாத்ரூமுக்குள்ளேயே கீசர், புகைக்குழாய் கிடையாது. கார்பன் மோனாக்சைடு என்றெல்லாம் விளக்கினேன், ஓனருக்குப் பிடிபடவில்லை. பயமுறுத்த வேண்டாமே என்று "காற்றோட்டம் கொஞ்சம் பத்தாது" என்றேன். "சீசன் முடியட்டும்" என்றுவிட்டார். எப்படிச் சொல்வது? அச்சடித்த ரிப்போர்ட் கொடுத்தால் மதிப்பார்களா?

அன்புள்ள தம்பி,

ரிப்போர்ட் எல்லாம் அப்புறம். "கொஞ்சம் பத்தாது" என்றீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். ஓனர் முகம் வாடக்கூடாது என்று பார்த்தீர்கள். தாழிட்டுக்கொண்டு குளிக்கப்போவது அவர் இல்லையே!

கோத்தகிரியில் என் பெரியம்மா வீட்டிலும் இதே கதைதான். குளித்துவிட்டு வருகிறவர்கள் தலைவலி, குமட்டல் என்பார்கள். மலை ஏறி வந்த களைப்பு என்று சுக்குக் காப்பி கிடைக்கும். வெளியே வந்து சற்று நேரத்தில் சரியாகிவிடுவதை யாரும் யோசிக்கவில்லை. சர்வீஸுக்கு வந்தவர் கீசரை ஓடவிட்டு, பெரியம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தீ நீலமா நிக்கணும்மா. இது மஞ்சளா ஆடுது பாருங்க, மேல கரி வேற. காத்து பத்தாம எரியுது. அப்படி எரிஞ்சா விஷப்புகை வரும். சிலிண்டர் கேஸுக்கு வாசனை சேர்த்திருக்காங்க, கசிஞ்சா மூக்கு சொல்லிடும். இந்தப் புகைக்கு வாசனையும் இல்ல, நிறமும் இல்ல. தலை வலிக்கும், கால் துவளும். கதவைத் திறக்கணும்னு தோணுறப்போ எழுந்திருக்க முடியாது. உள்ளேயே உயிர் போயிடும்."

"இத்தனை வருஷமா ஓடுதேப்பா?"

"சீக்கிரம் குளிச்சுட்டு வந்துட்டாங்கம்மா. குளிருக்கு ஜன்னலை அடைச்சுக்கிட்டு, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் குளிச்சா? இன்னைக்கு நடக்கும்னு சொல்லல. நடக்காதுன்னு என்னால சொல்ல முடியாது."

சொல்லிக்கொண்டே ரெகுலேட்டரை மூடினார். கீசரின் இரண்டு பேட்டரிகளையும் கழற்றிப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டார்.

அவர் வாயில் கார்பன் மோனாக்சைடு என்ற பெயரே வரவில்லை. அது ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும். யாருக்கு, எந்த இடத்தில், என்ன ஆகும் என்பதுதான் ஓனருக்கு வேண்டியது. அதில் ஒரு சொல்லையும் குறைக்காதீர்கள். உயிர் போகும் என்றால் உயிர் போகும் என்றே சொல்லுங்கள். "ரிஸ்க்", "பிரச்சினை" என்று மழுப்பினால் அவர் செலவுக் கணக்கைத்தான் போடுவார்.

அதே மூச்சில் வழியையும் சொல்லிவிடுங்கள். இன்றே கீசரை நிறுத்த வேண்டும். அப்புறம் அதைப் பாத்ரூமுக்கு வெளியே மாற்றி, புகைக்குழாயை வெட்டவெளிக்கு விட வேண்டும். முடியாவிட்டால் கரண்ட் கீசர். பர்னரைச் சுத்தம் செய்துவிட்டு "இப்போதைக்கு ஓட்டுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தீ நீலமாகத் தெரிந்தாலும், அடைத்த அறைக்குள் எரிய எரிய ஆக்ஸிஜன் குறைந்து புகை மறுபடி வரும்.

கிளம்புவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "சரிங்க, இனிமே என்ன செய்யப்போறீங்க?" அவர் "ஜன்னலைத் திறந்து வெச்சுக்கச் சொல்றேன்" என்றால் விஷயம் போய்ச் சேரவில்லை. உட்காருங்கள், மஞ்சள் தீயிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.