ஒரே மின்சார கார், இரண்டு விதமான பிரேக்?

கேள்வி: வாங்க நினைக்கும் மின்சார காரை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். முதல் நாள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே வேகம் நன்றாகக் குறைந்தது. மறுநாள் முழு சார்ஜில் எடுத்தபோது கார் உருண்டுகொண்டே போனது, பிரேக்கை அதிகம் அழுத்த வேண்டியிருந்தது. பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு, காரணம் அந்த முழு சார்ஜ்தான். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. இதுதான் ரீஜென். 1,800 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் ஓரளவு மிதமாக, அதாவது நொடிக்குச் சுமார் 7 கி.மீ. வீதம் வேகம் குறைந்தாலே அந்தக் கணத்தில் ஏறக்குறைய 100 கிலோவாட் வெளிவரும். நிரம்பிய பேட்டரியால் அதை வாங்கிக்கொள்ள முடியாது. கடுங்குளிரில் உறைந்து நிற்கும் பேட்டரிக்கும் இதே கதைதான். அப்போது கணினி ரீஜெனைக் குறைத்துவிடும். மிச்சத்தை பிரேக் பேடும் டிஸ்க்கும் செய்தாக வேண்டும்.

இங்கேதான் காருக்குக் கார் வேறுபாடு. சில கார்களில் பெடல் நேரடியாக டிஸ்க் பிரேக்கை மட்டுமே இயக்கும். ரீஜென் முழுவதும் ஆக்சிலரேட்டரில்தான். நீங்கள் ஓட்டியது அப்படிப்பட்டதாகத் தெரிகிறது. வேறு சிலவற்றில் பெடல் உங்கள் விருப்பத்தை மட்டும் சென்சார் வழியாகச் சொல்லும். முதலில் மோட்டார், போதாததற்கு டிஸ்க் என்று கணினி பங்கு பிரிக்கும். காலில் படும் எதிர்ப்பு உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தருவது. நன்றாக அமைத்த காரில் முழு சார்ஜிலும் பெடல் ஒரே மாதிரி இருக்கும்.

ஆனால் மோட்டாரிலிருந்து டிஸ்க்குக்கு வேலை கைமாறும் இடத்தில் தடுமாற்றம் வரலாம். மோட்டாரின் விசையைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தலாம். பேடின் பிடிமானமோ வெப்பம், ஈரம், துரு என எதைப் பொறுத்தும் மாறும். அதனால்தான் நிற்பதற்கு முந்தைய கடைசி 10 கி.மீ. வேகத்தில் ரீஜென் விலகும்போது சிறு குலுக்கல் தெரிகிறது. குழியில் சக்கரம் வழுக்கினால் ரீஜென் சட்டென்று விடுபடும். ஒரு கணம் கார் முன்னே பாய்வது போலிருக்கும். அப்போது பயந்து காலை எடுக்காமல் பிரேக்கை இன்னும் அழுத்துங்கள்.

வாங்கும் முன் அதே சாலையில், 60 கி.மீ. வேகத்திலிருந்து மெதுவாக அழுத்தி நிறுத்திப் பாருங்கள்: ஒருமுறை 60 சதவீத சார்ஜில், ஒருமுறை 100-ல். கரடுமுரடான சாலையிலும் ஒருமுறை. உண்மையான பழுது வேறு மாதிரி இருக்கும்: பிரேக்கில் நிற்கும்போது பெடல் மெல்ல உள்ளே இறங்கும், கார் ஒரு பக்கம் இழுக்கும், அல்லது உரசல் சத்தம் ஓயாது. மழைக்குப் பின் முதல் சில நிறுத்தங்களில் மட்டும் கேட்கும் உரசல் டிஸ்க்கின் மேல்துருதான். ரீஜென் காரில் டிஸ்க்குக்கு வேலை குறைவு என்பதால் துரு எளிதில் படியும். வாரம் ஒருமுறை வெறிச்சோடிய சாலையில் சற்றுப் பலமாக நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.