ஒரு வாரத்தில் பிசிகல் கெமிஸ்ட்ரி இறுதித் தேர்வு, தெர்மோடைனமிக்ஸ் டெரிவேஷன் மட்டும் சுத்தமாக வரவில்லை. எப்படிப் படிப்பது?

உங்கள் நோட்டில் இருபது, முப்பது டெரிவேஷன்கள் தனித்தனியாக இருக்கும், அவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை நிறுத்துங்கள். மனப்பாடம் செய்தே நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கேள்வியில் P-க்குப் பதிலாக V-ஐ மாறாமல் வைக்கச் சொன்னால் அந்த மனப்பாடம் கைகொடுக்காது. பாதிக்கு மேற்பட்ட டெரிவேஷன்கள் நான்கே வரிகளிலிருந்து பிறப்பவை.

முதல் நாள் முழுவதும் அந்த நான்கு வரிகளுக்குத்தான்:

```
dU = TdS - PdV
dH = TdS + VdP
dA = -SdT - PdV
dG = -SdT + VdP
```

முதல் வரியை மட்டும் நினைவில் வையுங்கள். H = U + PV, A = U − TS, G = H − TS என்ற வரையறைகளை வகையிட்டு, dU-வுக்குப் பதிலாக முதல் வரியைப் போட்டால் மற்ற மூன்றும் வந்துவிடும். பார்க்காமல் எழுத வரும்வரை அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டாம்.

இரண்டாம் நாள் மாக்ஸ்வெல் தொடர்புகள். இரண்டாம் வகையீட்டில் வரிசை மாறினாலும் விடை மாறாது என்பதுதான் இங்கே உள்ள ஒரே கருத்து. dA வரியில் dT-யின் கெழு −S, dV-யின் கெழு −P. முதலாவதை V-யாலும் இரண்டாவதை T-யாலும் வகையிட்டுச் சமப்படுத்தினால் (∂S/∂V)_T = (∂P/∂T)_V. குறியை நினைவில் வைக்கத் தனிச் சூத்திரம் எதுவும் வேண்டாம். அந்தந்த வரியே குறியைச் சொல்லிவிடும்.

மூன்றாம் நாளுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். (∂U/∂V)_T கண்டுபிடிக்கச் சொன்னால், முதல் வரியைப் பார்த்து −P என்று எழுதிவிடுவார்கள். அது S மாறாதபோது கிடைக்கும் விடை. கேள்வி கேட்பது T மாறாதபோது. கீழே தொங்கும் அந்தச் சிறிய எழுத்தைத்தான் தேர்வு சோதிக்கிறது. சரியான வழி இது: dU = TdS − PdV என்பதை, T-ஐ மாறாமல் வைத்து dV-யால் வகுத்தால்

```
(∂U/∂V)_T = T(∂S/∂V)_T - P
```

என்ட்ரோபியை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது, அதனால் அதை விலக்க வேண்டும். T-யும் V-யும் சேர்ந்து வருவது dA வரியில். நேற்று அதிலிருந்து பெற்ற தொடர்பைப் போட்டால் T(∂P/∂T)_V − P. இதுவரை எந்த வாயு என்றே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். PV = RT-யை முதல் வரியிலேயே நுழைப்பது அடுத்த பெரிய தவறு. ஒரு மோல் இலட்சிய வாயுவுக்கு இப்போது போட்டால் விடை பூஜ்யம். வான் டெர் வால்ஸ் சமன்பாடான P = RT/(V−b) − a/V²-ஐப் போட்டால் RT/(V−b) அடிபட்டு a/V² மிஞ்சும். b காணாமல் போய், மூலக்கூறுகளின் ஈர்ப்பைக் குறிக்கும் a மட்டும் நிற்பது நியாயம்தானே? இப்படி இயற்பியல் பொருளோடு ஒத்துப்போனால் விடை சரி என்று நம்பலாம். அலகும் பொருந்துகிறது: ஆற்றலைக் கன அளவால் வகுத்தால் அழுத்தம்.

அதே நாளில் Cp − Cv-ஐ முடியுங்கள். அது [P + (∂U/∂V)_T](∂V/∂T)_P. மேலே கிடைத்த விடையைப் போட்டால் P அடிபட்டு T(∂P/∂T)_V(∂V/∂T)_P மிஞ்சும். இலட்சிய வாயுவுக்கு T·(R/V)·(R/P), அதாவது R.

பல புத்தகங்கள் இந்த இடங்களில் "எளிதில் காட்டலாம்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. மாணவருக்குத் தேவையே அந்த விடுபட்ட இரண்டு வரிகள்தான். அவற்றை எழுதாத புத்தகத்தின் மீது எனக்குக் கோபம் உண்டு.

நான்காம் நாள் கிப்ஸ்-ஹெல்ம்ஹோல்ட்ஸ், வான்ட் ஹாஃப், கிளாபிரான். முதலாவதில் G/T-யை வகுத்தல் விதிப்படி T-யால் வகையிட்டு, (∂G/∂T)_P = −S என்று போட்டாலே −H/T² வந்துவிடும். கிளாபிரானிலிருந்து கிளாசியஸ்-கிளாபிரானுக்குப் போகும்போது, திரவத்தின் கன அளவை விடுகிறோம், ஆவியை இலட்சிய வாயுவாகக் கொள்கிறோம் என்பதை அந்தந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். தொகையிடும்போது ஆவியாதல் வெப்பம் மாறாது என்பதையும் எழுதுங்கள். சரிபார்க்கத் தண்ணீரை எடுங்கள்: 373 கெல்வினில் ஆவியாதல் வெப்பம் மோலுக்கு 40.7 கிலோஜூல், அழுத்தம் 101.3 கிலோபாஸ்கல். dP/dT ஏறத்தாழ கெல்வினுக்கு 3.6 கிலோபாஸ்கல் வர வேண்டும். ஆயிரம் மடங்கு பிசகினால் கிலோஜூலை ஜூலாக மாற்றவில்லை என்று பொருள்.

ஐந்தாம் நாளைக் கைனடிக்ஸுக்கும் எலக்ட்ரோகெமிஸ்ட்ரிக்கும் விடுங்கள். தெர்மோ பலவீனம் என்பதற்காக ஏழு நாளையும் அதற்கே கொடுத்தால், மற்ற பாடங்களில் எளிதாகக் கிடைக்கும் மதிப்பெண் போய்விடும். ஆறாம் நாள் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். நின்றுபோன டெரிவேஷனில் எந்த வரியில் நின்றீர்கள் என்று குறியுங்கள்: வகையிடலிலா, மாக்ஸ்வெல் தொடர்பைத் தேர்ந்தெடுப்பதிலா, மாறாமல் வைக்க வேண்டியதைத் தவறவிட்டதிலா? ஏழாம் நாள் புதிதாக எதையும் தொடாமல், குறித்த அந்த வரிகளை மட்டும் வெற்றுத்தாளில் திரும்ப எழுதுங்கள்.