தோலில் தங்கிவிட்ட உண்ணியின் வாய்

கேள்வி: எங்கள் பூனையின் கழுத்தில் இருந்த உண்ணியை விரலால் பிடித்து இழுத்தேன். உடல் மட்டும் வந்துவிட்டது. தோலில் கறுப்பாக ஒரு புள்ளி நிற்கிறது. ஊசியால் கிளறி எடுக்கலாமா? நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து வீட்டில் இருக்கிறது, அதைப் பூனைக்கும் விடலாமா?

பதில்: ஊசி வேண்டாம், நாய் மருந்து வேண்டவே வேண்டாம்.

உண்ணியின் வாயில் பின்னோக்கி வளைந்த நுண்ணிய முட்கள் இருப்பதாலும், பல வகை உண்ணிகள் பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து தம்மைத் தோலோடு ஒட்டிக்கொள்வதாலும், வேகமாக இழுத்தால் வாய்ப்பகுதி அறுந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. நோயைக் கடத்தும் உமிழ்நீரைச் சுரக்கும் சுரப்பிகள் உடலோடு வெளியே வந்துவிட்டபடியால், எஞ்சியிருப்பது ஏறக்குறைய ஒரு சிறு சிலாம்புதான். தோல் அதைச் சில நாட்களில் தானே வெளித்தள்ளிவிடும். கிளறினால்தான் புண்ணாகிச் சீழ் வைக்கும்.

அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, பஞ்சில் நனைத்து அந்த இடத்தைத் துடைத்துவிட்டால் போதும். தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளைப் பூனைக்குப் பயன்படுத்தாதீர்கள். பூனை தன் உடலை நக்கும்போது அவை உள்ளே சென்று நஞ்சாகும்.

நாய் மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாயின் பிடரியில் சொட்டாக விடும் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் கல்லீரல் எளிதாகச் சிதைத்துவிடும் இப்பொருளைப் பூனையின் கல்லீரலால் போதிய வேகத்தில் சிதைக்க முடியாது. என்னிடம் வந்த மூன்றரை கிலோ எடையுள்ள பூனை ஒன்றின் உண்ணியை அதன் வீட்டார் மிகச் சரியாகவே எடுத்திருந்தார்கள். பிறகு, இன்னொன்று ஏறிவிடக் கூடாதே என்று, பெரிய நாய்க்கான குப்பியில் பாதியை அதன் கழுத்தில் விட்டுவிட்டார்கள். மாலையில் காது மடல்கள் வெட்டிவெட்டித் துடித்தன. இரவுக்குள் உடல் முழுவதும் நடுங்கி, எச்சில் வழிந்து, வலிப்பும் கண்டது. மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருந்தே அதைக் காப்பாற்ற முடிந்தது. நீங்கள் ஏற்கெனவே விட்டிருந்தால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் அந்த இடத்தைக் கழுவி, துவட்டி, குளிர் தாக்காமல் போர்த்தி, குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். பூனைக்கென்றே குறிப்பிட்டு விற்கப்படும் மருந்தையும் அதன் எடையைச் சொல்லிக் கேட்டே வாங்க வேண்டும்.

மறுமுறை உண்ணியைக் கண்டால், முதலில் அது உண்ணிதானா என்று பாருங்கள். வயிற்றில் இரு வரிசையாக இருக்கும் காம்புகளை உண்ணி என்று எண்ணி இழுத்துப் புண்ணாக்கியவர்களும் உண்டு. மயிரை விலக்கினால் உண்ணிக்குக் கால்கள் தெரியும். ஒருவர் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கையுறை அணிந்து, நுனி கூரான இடுக்கியால் உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், வெட்டி இழுக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். தோல் சிறு கூடாரம்போல எழும்பும். அந்த அழுத்தத்தை அப்படியே விடாமல் வைத்திருந்தால் பிடி தளரும். பருத்த வயிற்றைப் பிடித்து நசுக்கினாலும், எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவினாலும், சூடு காட்டினாலும், உண்ணி தன் உமிழ்நீரைக் கடிவாயிலேயே கக்கக்கூடும். எடுத்த உண்ணியை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட் ஊற்றிய சிறு குப்பியில் போட்டு, தேதியை எழுதி வையுங்கள்.

கடித்த இடத்தில் பட்டாணி அளவுக்குள் ஒரு கட்டி ஓரிரு வாரம் இருப்பது இயல்பு. அது பெரிதானாலோ, சூடாகிச் சீழ் கசிந்தாலோ காட்ட வேண்டும். அதைவிடக் கவனிக்க வேண்டியது பூனையின் போக்கை. மூன்று நான்கு வாரங்களுக்கு உணவையும் ஈறுகளின் நிறத்தையும் நாள்தோறும் பாருங்கள். உண்ணி கடத்தும் கிருமிகள் சில இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதால், இளஞ்சிவப்பான ஈறு வெளிறும் அல்லது மஞ்சளாகும், சிறுநீர் கருக்கும், பூனை உண்ணாமல் ஒடுங்கிக் கிடக்கும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரத்தில் உள்ள ஒரு வகை உண்ணி முடக்கு நோயையே உண்டாக்கும். குரல் மாறுவதும் பின்னங்கால் தள்ளாடுவதும் அதன் தொடக்கம், உண்ணியை எடுத்த பின்னும் அது முற்றக்கூடும். இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். உண்ணியைப் போட்டு வைத்த குப்பியையும் எடுத்துச் சென்றால், உண்ணியின் வகையையும் கடித்த நாளையும் வைத்து எந்தக் கிருமியைத் தேடுவது என்பதை அவர் விரைவில் முடிவு செய்வார்.